நிழல் மண்டலத்தின் விளிம்பில் தமிழ்நாடு: 2010 சிலி நிலநடுக்க அலைகள் நமக்கு எந்த வழியாக வந்தன?

பூகோள வகுப்பு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் நிலநடுக்க அலைகளின் நிழல் மண்டலத்தைப் பற்றிப் பாடம் நடத்தியபோது, படத்தைப் பார்த்து வரைவதோடு நிறுத்தாமல், மாணவர்களிடம் ஒரு பூகோள உருண்டையையும் நூலையும் கொடுத்து, உண்மையில் நிகழ்ந்த ஒரு நிலநடுக்கத்தை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு எந்த மண்டலத்தில் விழுகிறது என்று அளக்கச் சொன்னேன். ஒரு மாணவி 2010 பிப்ரவரி 27 அன்று சிலியில் ஏற்பட்ட 8.8 அளவு நிலநடுக்கத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

எங்கள் உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்பதால் சுற்றளவு ஏறத்தாழ 94 செ.மீ. சிலியின் கடற்கரையிலிருந்து கொடைக்கானல் வரை நூலை இழுத்துப் பிடித்தபோது 37 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வந்தது. அதைப் பாகைக்கு மாற்றினால் 142 அல்லது 143 வருகிறது. பாடநூலில் மேல்மையத்திலிருந்து 105 பாகைக்கும் 145 பாகைக்கும் இடையே, பாறையை அமுக்கி விரித்துச் செல்லும் பி அலை, பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் எஸ் அலை இரண்டும் கிடைப்பதில்லை என்று இருக்கிறது. அப்படியானால் கொடைக்கானலில் வைக்கப்பட்ட நிலநடுக்கமானி அன்று ஒன்றையுமே பதிவு செய்திருக்காதா என்று அவள் கேட்டாள். "நேரடி அலை வந்திருக்காது" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. 105-இல் மறையும் அலை 145-இல் ஏன் திரும்பத் தோன்ற வேண்டும் என்பதையும் என்னால் படம் இல்லாமல் விளக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் உதவினால் திங்கட்கிழமை வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுவேன்.

செம்மண்

வணக்கம் டீச்சர். இளநிலைப் படிப்பில் நிலவியல் படித்தவன் என்பதால் என் புரிதலைச் சொல்கிறேன். பூமிக்குள் ஆழம் செல்லச் செல்ல அடர்த்தி அதிகரிக்கிறது, அடர்த்தி அதிகரித்தால் அலையின் வேகமும் அதிகரிக்கிறது, ஆகவே அலைகள் நேர்கோட்டில் போகாமல் வளைந்து மேல்நோக்கித் திரும்புகின்றன. புவிக்கருவின் வெளிப்பகுதி திரவமாக இருப்பதால் எஸ் அலையை அது முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது, பி அலையை ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. பி அலைக்கு நிழல் விழுவது இந்த உறிஞ்சுதலால்தான். 145 பாகைக்கு அப்பால் செல்பவை நேராகப் பாய்வதால் தப்பி வெளியே வந்துவிடுகின்றன. உங்கள் மாணவிக்கு நீங்கள் சொன்ன பதில் சரியானதே.

அடையாறு வாசி

இந்த இழையைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய ஐயம் நினைவுக்கு வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல் நான் சென்னையில் ஓர் அலுவலகத்தின் ஆறாம் மாடியில் இருந்தேன். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை அசைந்தது, தலை சுற்றுவதுபோல இருந்தது, எல்லோரும் படிக்கட்டு வழியாக இறங்கித் தெருவில் நின்றோம். சுமத்ராவுக்கு மேற்கே கடலில் நிலநடுக்கம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிலியில் அதைவிடப் பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்தபோது இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது நாம் நிழல் மண்டலத்தில் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் எந்தெந்த நாட்டு நிலநடுக்கங்களிலிருந்து நமக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு என்று ஒரு பட்டியல் போட முடியுமா?

அளவி அறை

நான் பல ஆண்டுகள் நிலநடுக்கப் பதிவு நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முதலில் அடையாறு நண்பருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணம் வகுப்பறைக்குள் போய்விடக் கூடாது. நிழல் மண்டலத்துக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பு இல்லை. 2012-இல் நிலநடுக்கம் நிகழ்ந்த இடம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,850 கி.மீ. தொலைவுதான், அதாவது 17 பாகைக்கும் குறைவு. நீங்கள் உணர்ந்தது பெரும்பாலும் பூமியின் மேற்பரப்பை ஒட்டி மெதுவாக அசைந்து வரும் நீண்ட அலைகள். உயரமான கட்டடங்கள் அத்தகைய மெதுவான அசைவுக்கு இணங்கி ஆடுவதால் ஆறாம் மாடியில் தெரிந்தது, தரையில் நின்ற பலருக்குத் தெரியாமலும் போயிருக்கும். சிலி நமக்கு ஏறத்தாழ 16,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அத்தனை தூரம் பரவிய பிறகு நிழலில் நின்றாலும் வெளிச்சத்தில் நின்றாலும் மனித உடலால் அதை உணர முடியாது. கருவி மட்டுமே உணரும். மேற்பரப்பு அலைகளுக்கு நிழல் மண்டலமே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவை புவிக்கருவுக்குள் இறங்குவதில்லை அல்லவா.

இனி டீச்சரின் கேள்வி. உங்கள் மாணவி மிகவும் நுட்பமான ஓர் இடத்தைத் தொட்டிருக்கிறாள். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் வெளியிட்ட மேல்மையத்தை வைத்துக் கணக்கிட்டேன். கொடைக்கானல் 142.7 பாகை, சென்னை 146.7 பாகை. நிழலின் வெளி விளிம்பு இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எங்கோ விழுகிறது. உலகில் இத்தனை நிலப்பரப்பு இருக்க, அந்த விளிம்பு தமிழ்நாட்டின் மேலேயே விழுந்த ஒரு நிலநடுக்கத்தை அவள் எடுத்திருக்கிறாள்.

செம்மண் சொன்னதில் எஸ் அலை பற்றிய பகுதி சரி. பி அலை பற்றிய காரணம் சரியல்ல. திரவம் பி அலையை விழுங்குவதில்லை. உண்மையில் வெளிக்கரு பி அலையை மிகக் குறைந்த இழப்புடன் கடத்துகிறது. நிழலை உண்டாக்குவது வேகத்தில் ஏற்படும் திடீர் வீழ்ச்சி. மேலோட்டுக்கும் புவிக்கருவுக்கும் நடுவே உள்ள கவசத்தின் அடிப்பகுதியில் பி அலை நொடிக்கு 13.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 2,890 கி.மீ. ஆழத்தில் எல்லையைக் கடந்து வெளிக்கருவுக்குள் நுழைந்ததும் அது 8 கி.மீ. ஆகிவிடுகிறது.

மாட்டுவண்டி ஒன்று கெட்டியான தரையிலிருந்து சாய்வாகச் சேற்றுக்குள் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். முதலில் சேற்றைத் தொடும் சக்கரம் மெதுவாகிவிடும், மற்றச் சக்கரம் பழைய வேகத்தில் சுழலும். வண்டி சேற்றின் உட்புறம் நோக்கித் திரும்பிவிடும். சாய்வாகப் புவிக்கருவைத் தொடும் பி அலையும் அப்படித்தான் மையத்தை நோக்கி மடங்குகிறது.

இப்போது மேல்மையத்திலிருந்து கிளம்பும் கதிர்களை ஒவ்வொன்றாகச் செங்குத்தாக்கிக்கொண்டே போவோம். ஒரு கதிர் புவிக்கருவின் மேற்புறத்தை உரசிக்கொண்டு வெளியே வந்தால், அது ஏறத்தாழ 104 பாகையில் மேற்பரப்பை அடையும். அதைவிடச் சிறிதளவு செங்குத்தான அடுத்த கதிர் புவிக்கருவுக்குள் நுழைந்து கடுமையாக மடங்கி, 105-இலோ 106-இலோ வெளிவராமல், பூமியின் மறுபுறம் 180 பாகைக்குப் பக்கத்தில் போய் வெளிவரும். அடுத்தடுத்த கதிர்கள் மேலும் செங்குத்தாகச் செல்லச் செல்ல மடங்குவது குறைகிறது. ஆகவே வெளிவரும் இடம் 180-இலிருந்து 170, 160, 150 என்று நம்மை நோக்கித் திரும்பி வருகிறது. ஏறத்தாழ 144 பாகையில் அந்தத் திரும்பு பயணம் நின்று, மறுபடியும் தொலைவை நோக்கி ஓடத் தொடங்குகிறது. 104-க்கும் 144-க்கும் நடுவே வெளிக்கரு வழியாக எந்தக் கதிரும் வெளிவராததற்கு இதுதான் காரணம். அலை அங்கே அழிந்துவிடவில்லை, வேறிடத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டதற்குச் சான்று வேண்டுமென்றால் 144 பாகையைப் பாருங்கள். போய்க்கொண்டிருந்த கதிர்கள் நின்று திரும்பும் இடம் என்பதால் அங்கே பல கதிர்கள் ஒன்றாகக் குவிகின்றன. அந்த விளிம்பில் உள்ள நிலையங்களில் பி அலை வழக்கத்துக்கு மாறாக மிகப் பெரிதாகப் பதிவாகும். வெறும் உறிஞ்சுதலால் விழும் நிழலாக இருந்தால் அதன் ஓரம் இப்படிப் பிரகாசமாக இருக்காது.

செம்மண்

நன்றி ஐயா. உறிஞ்சுதல் என்று நான் எழுதியது தவறு என்று புரிகிறது. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. ஆழம் செல்லச் செல்ல அடர்த்தி கூடுவதால் வேகம் கூடுகிறது என்றுதான் எங்களுக்கும் கற்பித்தார்கள், பள்ளி நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. புவிக்கரு கவசத்தைவிட அடர்த்தி மிகுந்தது. அப்படியிருக்க அங்கே வேகம் ஏன் விழ வேண்டும்?

அளவி அறை

நீங்கள் இடிப்பதாகச் சொன்ன இடத்திலேயே அந்த வாக்கியம் உடைந்துவிடுகிறது. கவசத்தின் அடியில் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.6 கிராம், அதை ஒட்டிய வெளிக்கருவில் 9.9 கிராம். அடர்த்தி ஒன்றரை மடங்குக்கு மேல் தாவும் இடத்தில் வேகம் 13.7-இலிருந்து 8-க்கு விழுகிறது. அடர்த்திதான் வேகத்தைக் கூட்டுகிறது என்றால் இது நடக்கவே முடியாது.

வேகத்தை முடிவு செய்பவை இரண்டு. பாறை அமுக்கத்தையும் திரிபையும் எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது என்பது ஒன்று, அது எவ்வளவு கனமாக இருக்கிறது என்பது மற்றொன்று. விறைப்பு வேகத்தைக் கூட்டும், கனம் வேகத்தைக் குறைக்கும். கவசத்துக்குள் ஆழம் கூடும்போது அழுத்தத்தால் இரண்டுமே கூடுகின்றன, ஆனால் விறைப்பு அதிக விகிதத்தில் கூடுவதால் வேகம் ஏறுகிறது. வெளிக்கருவில் உருகிய இரும்பு இருக்கிறது. அது கனமானது, ஆனால் திரிபை எதிர்க்கும் விறைப்பு அதற்கு அறவே இல்லை. எஸ் அலை அங்கே நிற்பது அந்தக் குறைவால், பி அலை அங்கே தளர்வது அந்தக் குறைவோடு கனமும் சேர்வதால்.

மாணவர்களிடம் "ஆழத்தில் பாறை விறைப்பாகிறது, அதனால் வேகம் கூடுகிறது" என்று சொல்லுங்கள் டீச்சர். அடர்த்தி என்ற சொல்லைக் காரணமாகச் சொல்ல வேண்டாம்.

கோணமானி

நான் கணக்கு ஆசிரியர். வேகம் விழுகிறது என்பதைக் கதிர்களை வளைத்துக் காட்டாமல், பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்தே காட்ட முடியுமா?

அளவி அறை

முடியும், இரண்டு நேரங்கள் தெரிந்தால் போதும். மேல்மையத்துக்கு மிக அருகில் உள்ள நிலையத்தில், செங்குத்தாகக் கீழே போய்ப் புவிக்கருவின் மேற்புறத்தில் பட்டு எதிரொலியாகத் திரும்பும் பி அலை 8 நிமிடம் 31 நொடியில் வந்து சேர்கிறது. பூமியை மையத்தின் வழியாக ஊடுருவி நேர் எதிர்ப்புறத்தை அடையும் பி அலைக்கு 20 நிமிடம் 12 நொடி ஆகிறது. இந்த இரண்டையும் வைத்துக் கழித்துப் பாருங்கள்.

கோணமானி

செய்துவிட்டேன், சரிபார்க்கவும். எதிரொலி கவசத்தை (மேலோட்டையும் சேர்த்து) கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை கடக்கிறது. ஊடுருவும் அலையும் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை கவசத்தைக் கடக்கிறது. ஆகவே இரண்டிலும் கவசத்துக்கு ஆகும் நேரம் ஒன்றுதான், 511 நொடி. மொத்தப் பயணம் 1,212 நொடி. புவிக்கருவுக்கு மட்டும் மிஞ்சுவது 701 நொடி. புவிக்கருவின் விட்டம் 6,960 கி.மீ.

```
கவசம்:      5782 / 511 = 11.3 கி.மீ./நொடி (சராசரி)
புவிக்கரு:  6960 / 701 =  9.9 கி.மீ./நொடி (சராசரி)
```

மேலே இருக்கும் கவசத்தின் சராசரியைவிட, ஆழத்தில் இருக்கும் புவிக்கருவின் சராசரி குறைவாக இருக்கிறது. ஆழம் கூடக் கூட வேகம் கூடிக்கொண்டே போகும் என்றால் இந்த விடை வந்திருக்காது. அழகான கணக்கு, இதை என் வகுப்பிலும் போடப் போகிறேன்.

கூடவே ஒரு குறை. பாடநூலில் எஸ் அலையின் நிழல் மண்டலம் பூமியின் பரப்பில் 40 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்று இருக்கிறது. 105 பாகைக்கு அப்பால் இருப்பது முழுவதும் நிழல் என்றால், கோளத்தின் தொப்பி போன்ற அந்தப் பகுதியின் பரப்பு (1 − cos 75°) / 2 ஆகும். அது 0.37. தொடக்கத்தை 103 என்று வைத்தாலும் 39 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 40-க்கு மேல் எப்படி வரும்?

அளவி அறை

கணக்கு சரி. 105 என்ற எல்லையும் 40-க்கு மேல் என்ற விகிதமும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. தேர்வில் எதை எழுதுவது என்பதை டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

பூகோள வகுப்பு

தேர்வில் நூலில் உள்ளதைத்தான் எழுதச் சொல்ல முடியும், விடைத்தாள் திருத்துபவர் அதைத்தான் எதிர்பார்ப்பார். ஆனால் 105, 103, 104 என்று நூலுக்கு நூல் ஏன் மாறுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

அளவி அறை

நிலநடுக்கம் நிகழ்ந்த ஆழம் மாறினால் எல்லையும் சிறிது நகரும். அதோடு அந்த எல்லை கத்தியால் வெட்டியதுபோல இருப்பதில்லை. புவிக்கருவை உரசும் அலையின் ஒரு பகுதி அதன் வளைவை ஒட்டியே தவழ்ந்து சென்று, 104-க்கு அப்பாலும் மங்கலாக வெளிவரும். ஒளி ஒரு தடையின் ஓரத்தில் கசிவதுபோலத்தான் இதுவும். அலையின் அசைவு மெதுவானதாக இருந்தால் அதிக தூரம் கசியும். எங்கே நிறுத்துவது என்பது அளப்பவரின் கருவியைப் பொறுத்தது.

இந்தக் கசிவுதான் நிலநடுக்கவியலாளர்களை நீண்ட காலம் ஏமாற்றி வைத்திருந்தது. டீச்சரின் மாணவி கேட்ட முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1929 ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் தென் தீவில் முர்ச்சிசன் என்ற ஊரருகே பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. டென்மார்க்கில் நிலநடுக்க நிலையங்களைக் கவனித்துவந்த இங்கே லேமன் என்ற பெண்மணி ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் பதிவான தாள்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று யூரல் மலைப்பகுதியில் உள்ள ஸ்வெர்ட்லோவ்ஸ்க். முர்ச்சிசனிலிருந்து அது ஏறத்தாழ 135 பாகை, அதாவது நிழலின் நடுவே நன்றாக உள்ளே இருக்கிறது. அங்கே பி அலை வரக் கூடாது, ஆனால் ஒரு பி அலை வந்திருந்தது. இப்படிப்பட்ட பதிவுகள் முன்பும் கிடைத்திருந்தன. வெளி விளிம்பிலிருந்து உட்புறமாகக் கசிந்த அலை என்று அவற்றுக்குக் காரணம் சொல்லப்பட்டது. லேமன் அதை ஏற்கவில்லை. கசிந்த அலை விளிம்பிலிருந்து விலக விலக வேகமாக மங்க வேண்டும், மழுங்கலாகவும் இருக்க வேண்டும். அவர் பார்த்தது அதற்கு ஒத்துவராத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

அவர் ஓர் எளிய மாதிரியை எடுத்துக்கொண்டார். கவசம் முழுவதும் வேகம் 10, புவிக்கரு முழுவதும் வேகம் 8 என்று வைத்தார். உண்மை அவ்வளவு எளிமையானது அல்ல என்று அவருக்குத் தெரியும், ஆனால் கையால் கணக்கிட அது வசதி. பிறகு புவிக்கருவின் நடுவே, வேகம் கூடிய இன்னொரு சிறிய உருண்டையை வைத்துப் பார்த்தார். அந்த உருண்டையில் பட்ட கதிர்கள் வெளிப்புறமாகத் திரும்பி, நிழல் மண்டலத்துக்குள்ளேயே வெளிவந்தன. நேரங்களும் பொருந்தின. 1936-இல் அதை வெளியிட்டார். உட்கருவின் ஆரம் ஏறத்தாழ 1,400 கி.மீ. என்று அவர் மதிப்பிட்டார். இன்றைய அளவு 1,220 கி.மீ.

ஆகவே கொடைக்கானல் 142.7 பாகையில் இருந்தாலும் அங்கே பி அலை வந்துதான் இருக்க வேண்டும். சிலியில் நிலநடுக்கம் நம் நேரப்படி பிற்பகல் 12 மணி 4 நிமிடத்தில் நிகழ்ந்தது. உட்கருவின் வழியாக வரும் அலைக்கு இந்தத் தொலைவில் ஏறத்தாழ பத்தொன்பதரை நிமிடம் ஆகும். 12 மணி 24 நிமிடத்தை ஒட்டி நம் மாநிலம் முழுவதையும் அது கடந்திருக்கும். கொடைக்கானலில் அதுதான் முதலில் வந்திருக்கும். விளிம்புக்கு அப்பால் இருக்கும் சென்னையில் அதைப் பின்தொடர்ந்து சில நொடிகளில், வெளிக்கருவின் வழியாக வந்த குவிந்த அலைகள் பெரிதாக வந்திருக்கும். கொடைக்கானல் 1960-களில் உலகம் முழுவதும் ஒரே வகைக் கருவிகளுடன் அமைக்கப்பட்ட நிலைய வலையில் இடம்பெற்ற ஊர் என்பதையும் மாணவியிடம் சொல்லுங்கள்.

திருகோணமலை நிலா

வணக்கம். நான் உயர்தர வகுப்பில் புவியியல் படிக்கிறேன். எங்கள் நாட்டில் பல்லேகலையில் உலக வலையமைப்பைச் சேர்ந்த ஒரு நிலையம் இருக்கிறது, அதன் பதிவுகளை யாரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். இந்த இழையைப் படித்துவிட்டு 2010 சிலி நிலநடுக்கத்தின் பதிவைப் பார்த்தேன். அளவி அறை ஐயா செய்ததுபோல மேல்மையத்தை வைத்துக் கணக்கிட்டால் பல்லேகலை 142 பாகையில் வருகிறது. முதலில் வந்த பி அலைக்குப் பிறகு, மேற்பரப்பு அலைகள் வருவதற்கு வெகு முன்பே, கிடைத்தளத்தில் அசைவைக் காட்டும் வரியில் தெளிவான அதிர்வுகள் இருக்கின்றன. அவை எஸ் அலை போலவே தெரிகின்றன. 105 பாகைக்கு அப்பால் எஸ் அலை இல்லை என்றால் அது எப்படி வந்தது? அப்படியென்றால் வெளிக்கரு திரவம் என்பதே தவறாகிவிடாதா?

செம்மண்

தங்கையே, அது நிலையத்துக்கு அருகில் நிகழ்ந்த வேறு ஏதாவது சிறு நிலநடுக்கமாக இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பதிவாவது உண்டு.

அளவி அறை

செம்மண் தம்பி சொல்வது நடக்கக் கூடியதுதான், ஆனால் 8.8 அளவு நிலநடுக்கத்தின் பதிவில் அந்த நேரத்தில் அவை இருந்தே தீர வேண்டும் என்பதால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நிலா பார்த்தது எஸ் அசைவுதான். அது இரண்டு வழிகளில் வந்திருக்கும்.

ஒன்று, புவிக்கருவைத் தொடாமலே வந்தது. எஸ் அலை சிலிக்கும் இலங்கைக்கும் நடுவழியில் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிக் கவசத்துக்குள் இறங்கி, இரண்டு தாவல்களில் வந்து சேரும். ஒவ்வொரு தாவலும் 71 பாகைதான் என்பதால் நிழல் அதைத் தடுக்காது.

மற்றொன்று வேடம் மாறி வந்தது. எஸ் அலை கவசத்தின் அடியை அடையும்போது அதன் ஆற்றலில் ஒரு பகுதி பி அலையாக மாறி வெளிக்கருவுக்குள் நுழைகிறது. திரவத்தில் பி அலை செல்லலாம். மறுகரையில் வெளியேறும்போது மறுபடியும் எஸ் அலையாக மாறி மேலே வருகிறது. கவசத்தின் அடியில் எஸ் அலையின் வேகம் 7.3 கி.மீ., வெளிக்கருவில் பி அலையின் வேகம் 8 கி.மீ. என்பதால் இந்த அலை நுழையும்போது வண்டி சேற்றிலிருந்து கெட்டித் தரைக்கு ஏறுவதுபோல ஆகிறது, அது மையத்தை நோக்கி மடங்குவதில்லை. ஆகவே இதற்கு நிழலே இல்லை. இதைக் கண்டு வெளிக்கரு திடமானது என்று முடிவு செய்ய வேண்டாம். திரவத்துக்குள் எஸ் அலையாகவே எதுவும் கடக்கவில்லை. பாடநூலின் வாக்கியத்தை "நேரடி எஸ் அலை 105 பாகைக்கு அப்பால் வருவதில்லை" என்று படித்தால் முரண் தீர்ந்துவிடும்.

இதே குழப்பம் பெரிய அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் இந்திய நிலவியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1897 ஜூன் 12 அன்று அசாமில் நிகழ்ந்த பெரு நிலநடுக்கத்தை ஆராய்ந்தபோது, இத்தாலியில் பதிவான தாள்களில் அதிர்வு மூன்று கட்டமாக வந்திருப்பதைப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். 1906-இல் பூமிக்கு நடுவே தனியான கரு ஒன்று இருப்பதை நிறுவினார். ஆனால் தொலைதூர நிலையங்களில் அவர் எஸ் அலை என்று கொண்டது உண்மையில் வேறு வழியில் சுற்றி வந்த அலை. அது மிகவும் தாமதமாக வந்ததைக் கண்டு, கரு அலைகளை மெதுவாகக் கடத்துகிறது என்று முடிவு செய்தார். கரு இருக்கிறது என்ற முடிவு சரி, அதற்கு அவர் காட்டிய சான்று சரியல்ல.

பூகோள வகுப்பு

ஐயா, எஸ் அலை வராததைக் கண்டு கரு திரவம் என்று ஓல்டாம் கண்டுபிடித்தார் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அது தவறா?

அளவி அறை

அவர் திரவம் என்று நிறுவவில்லை. கருவின் ஆழம் 2,900 கி.மீ. என்று நன்றாக அளந்தவர் ஜெர்மனியின் பெனோ கூட்டன்பர்க், முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில். திரவம் என்பதற்கு வலுவான வாதத்தை வைத்தவர் இங்கிலாந்தின் ஹரால்டு ஜெஃப்ரீஸ், 1926-இல். அவரும் எஸ் அலையின் நிழலை மட்டும் நம்பவில்லை. நிலவின் ஈர்ப்பால் பூமி முழுவதும் எவ்வளவு நெகிழ்கிறது என்பது ஓரளவு தெரிந்திருந்தது. கவசத்தின் விறைப்பை அலைகளின் வேகத்திலிருந்து கணக்கிட்டால் அது மிக அதிகமாக இருந்தது. முழு பூமியும் அதே விறைப்புடன் இருந்தால் அத்தனை நெகிழ முடியாது, ஆகவே நடுவில் இளகிய பகுதி இருந்தே ஆக வேண்டும் என்று காட்டினார். ஓர் அலை வராததை மட்டும் வைத்து அது வர முடியாது என்று சொல்வது ஆபத்து. வந்தும் நமக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் அல்லவா.

கோணமானி

அப்படியானால் உட்கரு திடமானது என்பதும் ஊகம்தானா? அதற்குள் எஸ் அலை சென்றதை யாராவது பதிவு செய்திருக்கிறார்களா?

அளவி அறை

லேமன் வேகம் கூடிய உருண்டை என்றுதான் காட்டினார், அது திடம் என்று காட்டவில்லை. பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுவதும் கோயில் மணி போல மெதுவாக அதிர்கிறது. அந்த அதிர்வின் ஒலிப்பு, நடுவில் திடம் இருந்தால் ஒரு விதமாகவும் திரவம் இருந்தால் வேறு விதமாகவும் இருக்கும். ஜெவோன்ஸ்கியும் கில்பர்ட்டும் 1971-இல் அதை வைத்துத் திடம் என்று காட்டினார்கள், அது இன்றுவரை நிற்கிறது. ஆனால் உட்கருவை எஸ் அலையாகவே கடந்து வந்த ஒரு தனி அலையைப் பதிவில் சுட்டிக்காட்டுவது மிகக் கடினம். பி அலை எஸ் அலையாக மாறி உட்கருவுக்குள் நுழைந்து, மறுபடியும் பி அலையாக மாறி வெளிவர வேண்டும். இரண்டு மாற்றங்களிலும் ஆற்றலின் பெரும்பகுதி போய்விடும். கண்டதாகச் சிலர் வெளியிட்டிருக்கிறார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்த தாள்களில் ஒருமுறைகூட உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

அடையாறு வாசி

பாதுகாப்புப் பட்டியல் கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். 20 நிமிடம் 12 நொடியில் நேர் எதிர்ப்புறத்தை அடையும் அலை என்றீர்களே, நமக்கு நேர் எதிர்ப்புறம் எது? அங்கே நிலநடுக்கம் வருவதுண்டா?

அளவி அறை

தமிழ்நாட்டுக்கு நேர் எதிரே பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதி, பெரு நாட்டுக்கு மேற்கே வெகு தொலைவில், ஏறத்தாழ தெற்கு 11 பாகை, மேற்கு 102 பாகை. அங்கிருந்து இன்னும் சுமார் 8 பாகை மேற்கே சென்றால் கடலடியில் தட்டுகள் விலகும் கிழக்குப் பசிபிக் முகடு இருக்கிறது. அங்கே நடுத்தர அளவு நிலநடுக்கங்கள் அடிக்கடி நிகழ்கின்றன. அவற்றின் முதல் அலை உட்கருவின் நடுப்பகுதியைக் கடந்துதான் நம்மிடம் வரும், ஆனால் அவை சிறியவை என்பதால் பின்னணி அதிர்வு குறைந்த நிலையத்தில்தான் தெரியும்.

பூகோள வகுப்பு

அனைவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் திருத்திச் சொன்னேன். மாணவி நூலை மறுபடி வைத்து அளந்தாள், சென்னைக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள வேறுபாடு உருண்டையில் ஒரு செ.மீ. மட்டுமே. நூல் சிறிது தளர்ந்தாலே ஊர் நிழலுக்குள்ளோ வெளியிலோ போய்விடுகிறது என்று அவளே சொன்னாள். அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்துக் கணக்கிட்டுச் சரிபார்க்கக் கோணமானி ஐயாவின் உதவி தேவைப்படும். அடுத்து 1929 முர்ச்சிசனை எடுத்துக்கொண்டு ஸ்வெர்ட்லோவ்ஸ்க் வரை நூல் பிடிக்கப் போகிறார்கள். அந்த ஊரின் இன்றைய பெயர் யெகாதெரின்பர்க் என்பதால் எங்கள் உருண்டையில் தேடிக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று.